துணி நல்லாத்தான் இருக்கு

அன்று காலை கட்டிங் மாஸ்டர் என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் புகாரே இல்லை. "அம்மிணி, துணி நல்லாத்தான் இருக்குது. ஆனா மார்க்கு நிக்க மாட்டேங்குது" என்றார். கையில் டீ கிளாஸ். முகத்தில் கவலை எதுவும் இல்லை. நேற்று சாயங்காலமே ஒரு லே போட்டு வெட்டி முடித்துவிட்டதாகவும், அகலம் கொஞ்சம் குறைவாக இருந்ததால் மார்க்கரை மாற்றி வரைந்துகொண்டதாகவும் சொன்னார். வேலை நிற்கக்கூடாது என்று அவராகச் செய்த உதவி அது.

எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. அந்தத் துணியை முந்தாநாள் இறக்கி வைத்தது நான். டெலிவரி சலானில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டதும் நான்தான். நாற்பது ரோல் இருக்கிறதா என்று எண்ணினேன். ஸ்டிக்கரில் இருந்த எடைகளைக் கூட்டிப் பார்த்தேன், சரியாக ஆயிரம் கிலோ வந்தது. தராசில் ஒன்றைக்கூட ஏற்றவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, டிரைவர் அடுத்த லோடுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். எல்லாம் காரணம்தான். ஆனால் கையெழுத்து கையெழுத்துதானே.

திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். ஆங்கில இலக்கியம் படித்தவளுக்கு அந்தச் சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் என்று பெயர். உண்மையில் ஸ்டோர், மெயில், பி.ஓ. அடிப்பது, ஆடிட்டருக்குக் காகிதம் கொண்டுபோவது எல்லாமே நான்தான். சேர்ந்தபோது முதலாளி அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "இங்கிலீஷ் நல்லா வருமில்ல? அது போதும்." அது போதாது என்று தெரிந்துகொள்ள எட்டு மாதம் ஆகியிருந்தது.

பி.ஓ.வை எடுத்து மேஜையில் விரித்தேன். நூறு சதவீத காட்டன், கோம்ப்டு, சிங்கிள் ஜெர்சி, நேவி நிறம். 160 ஜிஎஸ்எம். ஓபன் விட்த், அகலம் 72 அங்குலம். நிகர எடை 1,000 கிலோ, கிலோ 420 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. படிவத்தில் கட்டங்கள் இருந்தன, நான் நிரப்பினேன், அவ்வளவுதான்.

ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அதை அளக்க எங்களிடம் ஒரு வட்ட கட்டர் இருந்தது. துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால் சரியாக நூறு சதுர செண்டிமீட்டர் வட்டமாக வெட்டித் தரும். அதைச் சின்ன மின்தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். முதல் வட்டம் 1.72 கிராம். கட்டரைச் சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னொன்று வெட்டினேன். 1.73. மூன்றாவது 1.70. ஓரத்தில் வெட்டக்கூடாது, அங்கே துணி சுருண்டு தடித்திருக்கும் என்று மாஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். அதன்பின் எட்டு ரோல்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்தில் வெட்டினேன். மொத்தம் நாற்பது வட்டம். 169-லிருந்து 175 வரை வந்தது, சராசரி 172.

"அதாங்க்கா சொல்றேன், துணி நல்லாருக்குன்னு" என்றான் ஸ்டோரில் உதவிக்கு இருந்த பையன், வட்டங்களை விரலால் தடவிக்கொண்டே. அவன் சொன்னதில் தப்பில்லை. கேட்டதைவிடக் கனமான துணி, தொட்டால் உள்ளங்கை நிறைந்தாற்போல் இருந்தது. விலை அதேதான். குறைவான சரக்கு அனுப்பினால் கேட்கலாம், உயர்ந்த சரக்கை அனுப்பியவனிடம் போய் என்ன கேட்பது?

எனக்கும் அரை மணி நேரம் அந்தக் குழப்பம் இருந்தது. துணியை நாங்கள் வாங்குவது கிலோவில், விற்பது பீஸில் என்பது பிறகுதான் உறைத்தது. 160 ஜிஎஸ்எம்மில் எங்கள் டி-ஷர்ட் ஒன்றுக்கு வெட்டுச் சேதம் உட்பட 200 கிராம் துணி போகும். ஆர்டர் 4,800 பீஸ். அதற்கு 960 கிலோ, பழுதாகும் பீஸ்களுக்காகக் கொஞ்சம் சேர்த்து 1,000 கிலோ. அதே டி-ஷர்ட்டை 172 ஜிஎஸ்எம் துணியில் வெட்டினால் 215 கிராம் போகும். சட்டையின் அளவு மாறப்போவதில்லை, துணிதான் கனத்துவிட்டது. கனம் கூடினால் அதே கிலோவில் நீளம் குறையும். கனமான துணியைத் தந்து நம்மை மகிழ்வித்தவர், நமக்கே தெரியாமல் முந்நூறுக்கும் மேற்பட்ட சட்டைகளைக் குறைத்திருந்தார்.

வெட்டிய மூன்று ரோல்களின் உள்ளே இருந்த அட்டைக் குழாய்கள் கட்டிங் டேபிளுக்கு அடியில் உருண்டுகிடந்தன. சும்மா ஒரு சந்தேகத்தில் அவற்றையும், கிழித்துப்போட்ட பாலித்தீன் கவர்களையும் சேர்த்துத் தராசில் வைத்தேன். மூன்றுக்கும் சேர்த்து 900 கிராம். மீதி முப்பத்தேழு ரோல்களையும் பிளாட்பாரத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். தராசில் வந்த எடையும் ஸ்டிக்கர் எடையும் ஒன்றாகவே இருந்தன. அதாவது ஸ்டிக்கரில் இருந்தது குழாயும் கவரும் சேர்ந்த எடை. ரோலுக்கு 300 கிராம் வீதம் நாற்பது ரோலுக்கு 12 கிலோ. பி.ஓ.வில் நிகர எடை என்று இருந்தது. கிலோ 420 ரூபாய்க்கு 12 கிலோ அட்டையும் பாலித்தீனும் வாங்கியிருந்தோம்.

நிகரமாக வந்தது 988 கிலோ. 215 கிராமால் வகுத்தால் 4,595 பீஸ். ஆர்டருக்கு 205 குறைவு, ஒரு பீஸ்கூடப் பழுதாகாமல் இருந்தால்.

முதலில் நான் செய்தது டேபிளை நிறுத்தியதுதான். "மாஸ்டர், இனி ஒரு ரோல்கூடப் பிரிக்க வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நான்கு தையல் லைனுக்கும் மறுநாள் துணி வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துவிட்டு மின்கத்தியின் வயரைப் பிடுங்கினார். இப்படி நிறுத்துவதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு என்று அன்று மதியம் ஆடிட்டர் சொல்லித் தெரிந்தது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாங்கியவருக்குச் சரக்கைப் பரிசோதித்துப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது இன்னும் விற்றவருடைய பொருள்தான் என்ற நிலைக்கு ஒவ்வாத எதையாவது அதன்மேல் செய்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். வெட்டிய துணியை யாரும் திருப்பி வாங்க மாட்டார்கள், சட்டமும் கட்டாயப்படுத்தாது. வெட்டிய 75 கிலோவுக்கு இனி விலைக்குறைப்பு மட்டுமே கேட்கலாம். "கத்தி பட்டுருச்சுன்னா உங்க சரக்கும்மா" என்றார் ஆடிட்டர்.

இன்னொன்றும் சொன்னார். அந்த சப்ளையர் சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, சரக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு. பணம் கொடுக்க வேண்டிய கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்ட முடியாது. "போன்ல ஆயிரம் சொல்லலாம். பேப்பர்ல இருந்தாத்தான் சொன்னது."

அண்ணனிடம் போய்ச் சொன்னபோது அவர் உடனே கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். என் கையெழுத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார் என்றும் பயந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை. நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "அவருகிட்டயா?" என்றார்.

கொரோனா காலத்தில் எங்கள் கம்பெனி ஐந்து மாதம் மூடியே கிடந்தது. பிறகு திறந்தபோது, பழைய பாக்கி நிற்க, முன்பணம் எதுவும் கேட்காமல் முதல் லோடு துணியை அனுப்பியவர் அந்த சப்ளையர்தான். அண்ணன் அதை என்னிடம் முன்பே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். கடன் கொடுத்தவரிடம் குறை சொல்லும்போது, சொல்பவன் நன்றி மறந்தவனாகத் தெரிவான். அண்ணனுக்கு 205 பீஸைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

"விட்டுருலாமா? அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாம்" என்றார்.

"205 பீஸ் பத்தாதுண்ணா. பையருக்கு என்ன சொல்றது?"

அதற்கு அவரிடமும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மொதல்ல நீ போன் பண்ணு. எழுதறதுக்கு முன்னாடி பேசோணும். மெயில்ல போயி அவரு இத மொதல் தடவயா படிக்கக் கூடாது" என்றார். அவரே பேசலாமே என்று நினைத்தேன். அவரால் பேச முடியாது என்பதும் புரிந்தது.

சப்ளையரை நான் ஒருமுறைதான் நேரில் பார்த்திருந்தேன். அறுபது வயதுக்கு மேல், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. போனில் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் அமைதி. பிறகு, "அம்மிணி, மழ நாளு பாருங்க. பஞ்சு ஈரத்த இழுத்துக்கும். நாலு நாள் வெயிலடிச்சா உங்க 172 தானா எறங்கிரும்" என்றார்.

பொய்யில்லை. காட்டன் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தில் குறிப்பிட்ட வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வைத்துத்தான் துணியை அளப்பார்கள். எங்கள் ஸ்டோரில் ஓட்டுக் கூரை. அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்று நினைத்து, பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்தபோது தோற்றுவிட்டதாகவே தோன்றியது.

காப்பாற்றியது ஃபைலில் இருந்த ஒரு துண்டு. ஆர்டர் கொடுப்பதற்கு முன் அவர் அனுப்பி, நாங்கள் ஒப்புதல் கையெழுத்திட்டு வைத்திருந்த மாதிரித் துணி, ஏ4 அளவில் ஒரு நேவி நிறத் துண்டு. அதை ஃபைலிலிருந்து எடுத்து, ஸ்டோரில் ரோல்களின் மேலேயே விரித்துவைத்து மறுநாள் காலை வரை விட்டேன். இரண்டும் ஒரே காற்றில், ஒரே மழையில் இருக்கட்டும். காலையில் ஒரே கட்டரால் இரண்டையும் வெட்டினேன். ரோல் 172. மாதிரி 161. ஈரம் இழுத்திருந்தால் இரண்டும்தானே இழுத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடித்தேன். 'மிகுந்த அதிர்ச்சி', 'ஏற்கவே முடியாத அலட்சியம்', 'உடனடியாக விளக்கம் தரவேண்டும்' என்கிற பொருளில் எல்லாம் இருந்தது. படித்த ஆங்கிலம் முழுவதையும் அதில் இறக்கினேன். அனுப்புவதற்கு முன் பழைய மெயில்களை ஒருமுறை பார்த்துவிடலாம், தேதிகளை எடுத்துப் போட வேண்டும் என்று தேடினேன். அப்போதுதான் என்னுடைய மெயிலே கண்ணில் பட்டது.

மாதிரித் துணியைத் துவைத்துப் பார்த்தபோது நீளவாட்டில் எட்டு சதவீதம் சுருங்கியிருந்தது. அதனால் நான் எழுதியிருந்தேன்: மாதிரிக்கு ஒப்புதல், ஆனால் மொத்தத் துணியில் சுருக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டே வரி. அதில் ஜிஎஸ்எம் பற்றி ஒரு சொல் இல்லை.

பின்னலாடைத் துணியின் சுருக்கத்தைக் குறைப்பதற்குக் காம்பாக்டிங் என்று ஒரு வேலை உண்டு. துவைத்தால் பிறகு சுருங்கப்போகும் துணியை, சூடான உருளைகளுக்கு நடுவே நீளவாட்டில் நெருக்கி, முன்கூட்டியே சுருக்கிவிடுவார்கள். கண்ணிகள் நெருங்கினால் ஒரு சதுர மீட்டருக்குள் அதிக நூல் வரும். அதிக நூல் வந்தால் எடை கூடும். சுருக்கத்தைக் குறைக்கச் சொல்வதும் கனத்தைக் கூட்டச் சொல்வதும் ஒன்றுதான், முதலிலேயே நூல் கண்ணியின் நீளத்தைக் கூட்டிப் பின்னினால் ஒழிய. அதை நான் கேட்டிருக்க வேண்டும். அல்லது 160 கட்டாயம் என்று அதே மெயிலில் ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். அவர்கள் என் மெயிலுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்கள்.

அந்த மெயிலை அண்ணனிடம் காட்டாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை இங்கே ஒளிக்க வேண்டியதில்லை. சப்ளையர் அதைக் கவனிக்காமலே போகலாம், மெயிலை அவருடைய ஆபீஸ் பையன்தான் பார்ப்பான். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் பிரிண்ட் எடுத்து, கட்டிங் டேபிளுக்குக் கொண்டுபோய், முதலில் மாஸ்டரிடம்தான் காட்டினேன்.

அவர் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர். நான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, டேப்பை எடுத்துத் துணியின் குறுக்கே இழுத்தார். "நீளத்துல நீங்க மூணு பர்சென்ட் கேட்டீங்க. சரி. அது 160-ஐ 165, 166 ஆக்கும். மீதி எங்கிருந்து வந்துச்சு? இங்க பாருங்க. அகலம் 70. பி.ஓ. என்ன?"

72. மார்க்கர் நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம், முதல் நாள் காலையிலேயே அவர் சொன்னதும் அதைத்தான். எனக்குத்தான் ஜிஎஸ்எம் மோகத்தில் அது மறந்துபோயிருந்தது. நீளவாட்டில் நெருக்கியது என் மெயிலால். அகலத்தில் இரண்டு அங்குலம் குறைந்தது ஃபினிஷிங்கில் சரியாக விரிக்காமல் விட்டதால். அந்த இரண்டு அங்குலத்தை யாரும் கேட்கவில்லை, பி.ஓ.வில் எண் தெளிவாக இருந்தது. பாதி என்னுடையது, பாதி அவர்களுடையது.

அண்ணன் மெயிலைப் படித்துவிட்டு என்னைத் திட்டினார். நியாயமான அளவுக்குத்தான். பிறகு என் கடிதத்தைப் படித்தார். பேனாவை எடுத்து அதிர்ச்சி, அலட்சியம், விளக்கம் மூன்றையும் அடித்தார். "இதுல எத்தன மீட்டர் துணி இருக்கு?" என்று கேட்டார். கிண்டல்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருந்தது. தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி:

'ஐயா, நேற்று தொலைபேசியில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். மேலே கண்ட பி.ஓ.வுக்கு, மேலே கண்ட இன்வாய்ஸில், திங்கட்கிழமை 40 ரோல்கள் வந்தன. இரண்டு விஷயங்கள் பி.ஓ.வுடன் ஒத்துப்போகவில்லை. முதலாவது எடை: பி.ஓ.வில் நிகர எடை 1,000 கிலோ. வந்தது குழாய், கவர் சேர்த்து 1,000 கிலோ, நிகரம் 988. இரண்டாவது அகலம்: பி.ஓ.வில் 72 அங்குலம், அளந்த எட்டு ரோல்களிலும் 70. ரோல் எண்களும் அளவுகளும் இணைப்பில் உள்ளன. ஜிஎஸ்எம் 172 வருகிறது. அதில் ஒரு பகுதி, சுருக்கத்தைக் குறைக்கச் சொல்லி நாங்கள் எழுதிய மெயிலால் வந்தது என்பதை ஏற்கிறோம், அதற்கு எதுவும் கேட்கவில்லை. மூன்று ரோல்கள் வெட்டப்பட்டுவிட்டன. மீதி 37 ரோல்கள் வெட்டப்படாமல் உள்ளன, உங்கள் ஆட்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஏற்றுமதித் தேதி இருப்பதால் மொத்தத்தையும் திருப்பி அனுப்ப விரும்பவில்லை. எடைக் குறைவு 12 கிலோவுக்கும், அகலக் குறைவுக்கு ஈடாக 27 கிலோவுக்கும் கிரெடிட் நோட் கேட்கிறோம். குறையும் பீஸ்களுக்காக 45 கிலோ துணி, 72 அங்குலத்தில், வழக்கமான விலையில் பத்து நாட்களுக்குள் தேவை. சனிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் மீதித் துணியை வெட்டத் தொடங்குவோம்.'

27 கிலோ என்பது கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் இல்லை. 72-இல் 2 என்றால் முப்பத்தாறில் ஒரு பங்கு. 988-ஐ 36-ஆல் வகுத்தால் 27 கிலோவும் சில்லறையும். சில்லறையை அண்ணன் அடித்துவிட்டார். மொத்தம் 39 கிலோ, 420 ரூபாய் வீதம் 16,380. ஜிஎஸ்டி 819. ஆக 17,199 ரூபாய். இன்வாய்ஸ் 4,41,000. இந்த 17,199-ஐ மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, மீதியைத் தேதி தவறாமல் போட்டுவிட வேண்டும் என்று அண்ணன் உறுதியாக இருந்தார். முழுப் பணத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு குறை சொன்னால், பணம் கொடுக்க வழியில்லாமல் குறை கண்டுபிடிக்கிறான் என்றுதான் ஊர் பேசும்.

வெள்ளிக்கிழமை சப்ளையரே நேரில் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணன் எழுந்து நின்று வரவேற்றார், காபி சொன்னார். இருவரும் கால் மணி நேரம் யாரோ ஒருவர் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவர் எழுந்து நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போனார், சட்டைப்பையிலிருந்து சொந்த டேப்பை எடுத்தார். ஐந்து ரோலைப் பிரிக்கச் சொன்னார். எல்லாமே 70, ஒன்று மட்டும் எழுபதரை. மாதிரித் துண்டைக் கையில் வாங்கி விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

"மெயில்ல சுருக்கத்தப் பத்தி நீங்களே எழுதீட்டீங்க. இல்லைன்னா நான் அதத்தான் எடுத்துருப்பேன்" என்றார் என்னிடம். சிரித்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. அண்ணனிடம் திரும்பி, "குழாய் எடை எல்லாரும் சேத்துத்தானுங்க போடறோம்" என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, உங்க பி.ஓ.ல நிகரம்னு இருக்குது. தந்தர்றேன்."

கணக்கு அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் அவருடைய ஆபீஸிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. லெட்டர்பேடில் பேனாவால், '17,199 ரூபாய் அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளவும்' என்று எழுதி, சீல் வைத்திருந்தது. எனக்கு அது போதும் என்றே பட்டது. ஆடிட்டர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

அவர் விளக்கியது இது. அவர்கள் 4,41,000-க்கு இன்வாய்ஸ் போட்டு, அதில் 21,000 ரூபாயை வரியாக அரசுக்குக் காட்டியிருக்கிறார்கள். அந்த 21,000-ஐ நாங்கள் உள்ளீட்டு வரியாக எடுப்போம். ஆனால் வராத 12 கிலோவுக்கு உள்ள வரியை எடுக்க எங்களுக்கு உரிமையில்லை, சரக்கு கைக்கு வந்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் நிபந்தனை. விலையையும் வரியையும் சட்டப்படி குறைக்க, விற்றவர் கிரெடிட் நோட் போட வேண்டும். அதற்குத் தனி எண், தேதி, எந்த இன்வாய்ஸுக்கு என்ற குறிப்பு எல்லாம் இருக்க வேண்டும். அவர் அதைத் தன் கணக்கில் காட்டி 819 ரூபாய் வரியைக் குறைத்துக்கொள்வார், நாங்கள் எங்கள் கணக்கில் அதே 819-ஐத் திருப்பிவிடுவோம். "நாமளே டெபிட் நோட் போட்டா ஆகாதா?" என்று கேட்டேன். திருப்பூரில் எல்லாரும் வாய்க்கு வாய் சொல்லும் சொல் அது. "போடலாம். அது நீங்க கேட்டதுக்கு அத்தாட்சி. அவரு வரி அதனால குறையாது" என்றார். இதற்குக் கெடுவும் உண்டு. அந்த நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30, அல்லது அவர்கள் ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், எது முதலில் வருகிறதோ அதற்குள் அவர் காட்டியாக வேண்டும். மார்ச்சில் வாங்கிய சரக்குக்கு எட்டு மாதம்தான்.

துண்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பி, அவருடைய ஆபீஸ் பையனுக்கு இதைப் போனில் விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் வந்த கிரெடிட் நோட்டில் இன்வாய்ஸ் எண் தப்பு. இரண்டாவதில் கிலோவைப் போடாமல் வெறும் தொகை. மூன்றாவதுதான் சரியாக வந்தது. துணிச் சண்டை மூன்று நாளில் முடிந்தது, இந்தக் காகிதத்துக்கு இருபத்தாறு நாள் ஆனது.

நடுவில் 45 கிலோவும் வந்தது. அது வேறு சாய லாட், நேவியில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும் என்று மாஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் அந்த 205 பீஸையும் தனி லேயில் வெட்டி, முன்பகுதி ஒரு லாட் பின்பகுதி ஒரு லாட் என்று கலந்துவிடாமல் தனி லைனில் தைத்து, தனி அட்டைப்பெட்டிகளில் போட்டு, பெட்டியின் மேல் லாட் எண்ணை எழுதினோம். பையருக்கு அதை முன்கூட்டியே எழுதிச் சொன்னதும் நான்தான். இந்த முறை இரண்டு வரியில் இல்லை.

அந்த 45 கிலோ வந்த அன்றும் மழைதான். இரண்டே ரோல். அதே டிரைவர். ரோல்களின் மேல் யாரோ மார்க்கர் பேனாவால் மொத்த எடை, குழாய் எடை, நிகர எடை என்று மூன்று வரி எழுதியிருந்தார்கள். டிரைவர் சலானையும் பேனாவையும் நீட்டினார். "வண்டிய ஓரமா நிறுத்துங்கண்ணா, டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பையனைக் கூப்பிட்டு முதல் ரோலைத் தராசில் ஏற்றச் சொன்னேன்.